மாதிரி நீதிமன்றம்: கொலை மேல்முறையீடு, "கடுமையான திடீர் சினமூட்டல்" – எதிரி தரப்புத் தொடக்க வாதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

மூணாம்_வருஷம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தமிழிலேயே வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எங்கள் அணி போகிறது. உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு முன் குற்றவியல் மேல்முறையீடு. நாங்கள் மேல்முறையீட்டாளர், அதாவது குற்றம் சாட்டப்பட்ட எதிரியின் தரப்பு. நான்தான் முதலில் எழுந்து பன்னிரண்டு நிமிடம் பேச வேண்டும். கொடுத்திருக்கும் கற்பனை வழக்கு இது:

சம்பவம் 2023 மார்ச் மாதம், மாலை ஏழு மணி வாக்கில். எதிரி தென்னந்தோப்பில் கூலி வேலை செய்கிறவர். இறந்தவர் அதே தெருக்காரர், எதிரியின் மகளைப் பல மாதமாகப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவர். மகள் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கு, பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். போடவில்லை. சம்பவத்தன்று இறந்தவர் எதிரியின் வாசலுக்கு வந்து மகளின் துப்பட்டாவை எதிரியின் மேல் எறிந்து, "போலீசே ஒண்ணும் பண்ணல, நீ என்ன பண்ணிருவ? நாளைக்கு இவள இங்கருந்தே இழுத்துட்டுப் போவேன்" என்கிறார். எதிரி பக்கவாட்டில் இருக்கும் மாட்டுத் தொழுவத்துக்கு ஓடி, கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்து வந்து வெட்டுகிறார். நான்கு வெட்டு: கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று, முதுகில் இரண்டு. பிறகு அரிவாளோடு அவரே காவல் நிலையம் போகிறார்.

அரசுத் தரப்பு முதல் சாட்சி, அ.சா.1, இறந்தவரின் தம்பி: "பத்து நிமிஷம் கழிச்சு வந்து வெட்டினான்." அ.சா.2 எதிரே டீக்கடை வைத்திருப்பவர்: "உள்ள ஓடினாரு, ஓடின வேகத்துல திரும்பி வந்தாரு." அமர்வு நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் கொலைக்கான 302-ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டது.

என் தொடக்கம்: "மாண்பமை நீதிபதிகள் அவர்களே, எதிரிக்குக் கொல்லும் எண்ணம் துளியும் இல்லை. பல மாதத் துன்பத்தின் உச்சத்தில், ஒரு தந்தையின் மானத்துக்கு விழுந்த அடியால் நிலைகுலைந்து செய்த செயல் இது. ஆகவே அவரை விடுதலை செய்ய வேண்டும், அல்லது 304 இரண்டாம் பகுதியின் கீழ்..."

எப்படி இருக்கிறது?

---

தூத்துக்குடி_துரை எழுதியது:

நல்ல உணர்ச்சியா இருக்கு தம்பி. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, வெறும் வார்த்தைக்காக வெட்டினா ப்ரொவொகேஷன் கிடைக்காது, கண்ணால் பார்த்திருக்கணும். ரெண்டாவது, நானாவதி கேஸ்ல மூணு மணி நேரம் ஆயிடுச்சுன்னுதான் கொடுக்கல. உங்களுக்குப் பத்து நிமிஷம்தான். அதனால நேரத்தைப் பத்திப் பயப்பட வேண்டாம், கேஸ் உங்க பக்கம்தான்.

---

பாளை_வக்கீல் எழுதியது:

துரை சொல்வதில் பாதி சரி. வார்த்தை மட்டும் போதாது என்பது பழைய இங்கிலாந்துத் தீர்ப்புகளின் போக்கு. இங்கே அப்படியில்லை. வார்த்தைகளும் சைகைகளும்கூடச் சில சூழ்நிலையில் கடுமையான திடீர் சினமூட்டலாக அமையலாம் என்று உச்ச நீதிமன்றம் நானாவதி வழக்கிலேயே 1961-இல் சொல்லிவிட்டது. இந்தப் பிராப்ளத்தில் வெறும் வார்த்தையும் இல்லை, துப்பட்டாவை எறிந்த செயலும் சேர்ந்திருக்கிறது.

மூன்று மணி நேரக் கணக்கைத்தான் பலரும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். கடற்படை அதிகாரி நானாவதியைக் கவிழ்த்தது கடிகாரம் மட்டுமல்ல, இடையில் அவர் நடந்துகொண்ட விதமும்தான். மனைவி அஹுஜாவோடு தனக்கிருந்த தொடர்பைச் சொன்ன பிறகு அவரையும் குழந்தைகளையும் சினிமா தியேட்டரில் கொண்டுபோய் விடுகிறார். கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் தோட்டாவும் வாங்குகிறார். அஹுஜாவின் அலுவலகத்தில் தேடி, ஆள் இல்லை என்றதும் வீட்டுக்குப் போகிறார். இத்தனையும் செய்தவர் தன் கட்டுப்பாட்டை மீட்டுக்கொண்டுவிட்டார் என்றுதான் நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. அப்படியானால் பத்து நிமிடமும் ஆபத்துதான். அந்தப் பத்து நிமிடத்தில் எதிரி அரிவாளைத் தீட்டியிருந்தால் கதை முடிந்தது.

இனி தம்பியின் தொடக்கத்துக்கு வருகிறேன். முதல் வரியிலேயே விழுந்துவிட்டீர்கள். கொலையை வரையறுக்கும் 300-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கான கடுமையான திடீர் சினமூட்டலைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். விதிவிலக்கு என்றால் என்ன பொருள்? செயல் கொலைக்குள் வருகிறது, ஆனாலும் இந்தச் சூழ்நிலையால் அது கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறைகிறது என்பதுதான். கழுத்தில் அரிவாளால் வெட்டியவருக்குக் கொல்லும் எண்ணம் துளியும் இல்லை என்று ஆரம்பித்தால், நீதிபதி உடனே கேட்பார்: "எண்ணமே இல்லையென்றால் உங்களுக்கு விதிவிலக்கு எதற்கு?" பன்னிரண்டு நிமிடத்தில் நான்கு அதிலேயே போய்விடும்.

அதே காரணத்தால் விடுதலையும் கேட்காதீர்கள். இந்த விதிவிலக்கு வெற்றி பெற்றாலும் விடுதலை இல்லை. 304-இன் இரண்டாம் பகுதியும் ஒட்டாது, அது எண்ணம் இல்லாமல் அறிவு மட்டும் இருந்த செயலுக்கு. எண்ணத்தை ஒப்புக்கொண்டு முதல் பகுதியைக் கேளுங்கள். ஆயுள், அல்லது பத்து ஆண்டு வரை சிறை என்பது அதன் வரம்பு. குறைத்துக் கேட்கிறவரை நீதிபதிகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

---

மூணாம்_வருஷம் எழுதியது:

ஐயா, ஒப்புக்கொண்டால் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளாதா? அதோடு இன்னொரு சிக்கல். நீதிமன்றம் எதிரியிடமே விளக்கம் கேட்கும் 313 விசாரணையில் எதிரி "நான் வெட்டவில்லை, பொய் வழக்கு" என்று சொல்லியிருக்கிறார். அங்கே மறுத்துவிட்டு இங்கே எப்படி சினமூட்டல் கேட்பது?

---

பாளை_வக்கீல் எழுதியது:

எண்ணத்தை "வாதத்துக்காக" ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். மழுப்பாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

313 பற்றி: விதிவிலக்குக்குள் வருகிறோம் என்று காட்டும் சுமை சாட்சியச் சட்டம் 105-இன்படி எதிரி மேல்தான். ஆனால் அரசுத் தரப்பு போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதையும் எதிரி கூண்டேறித்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. அரசுத் தரப்பு சாட்சியிலிருந்தே எடுத்துக் காட்டலாம். எதிரி எதைச் சொன்னார், எதை மறுத்தார் என்பதைத் தாண்டி, பதிவில் இருப்பது விதிவிலக்கைக் காட்டினால் நீதிமன்றம் அதைப் பார்த்தாக வேண்டும்.

உங்கள் பிராப்ளத்தில் துப்பட்டா எங்கே போயிற்று என்று பார்த்தீர்களா? சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரைப் படியுங்கள்.

---

மூணாம்_வருஷம் எழுதியது:

பார்த்துவிட்டேன்! வாசலில் கிடந்ததாகப் புலனாய்வு அதிகாரியே கைப்பற்றியிருக்கிறார், சான்றுப் பொருளாக சா.பொ.3 என்று குறியிடப்பட்டிருக்கிறது. அதே மகஜரில் வாசலுக்கும் தொழுவத்துக்கும் இடையே 12 மீட்டர் என்றும் இருக்கிறது. நாங்கள் அதை வெறும் இட விவரம் என்று தாண்டிவிட்டோம்.

---

பாளை_வக்கீல் எழுதியது:

அந்த இரண்டும்தான் உங்கள் வழக்கு. இறந்தவர் வந்து துப்பட்டாவை எறியவே இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னால், அவர்களே கைப்பற்றிய பொருள் அங்கே எப்படி வந்தது என்று கேட்கலாம். 12 மீட்டரை ஓடிக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்று நீதிபதிகளே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

அ.சா.1-இன் பத்து நிமிடத்துக்கு வாருங்கள். அவர் காவல்துறையிடம் முதலில் கொடுத்த 161 வாக்குமூலத்தில் அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதா?

---

மூணாம்_வருஷம் எழுதியது:

இல்லை ஐயா. குறுக்கு விசாரணையில் அ.சா.1 "சொன்னேன்" என்கிறார். புலனாய்வு அதிகாரி, அ.சா.9, "அப்படி என்னிடம் சொல்லவில்லை" என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

---

பாளை_வக்கீல் எழுதியது:

அப்படியானால் முரண்பாடு முறையாக நிரூபணமாகிவிட்டது. சாட்சியிடம் கேட்டால் மட்டும் போதாது, வாக்குமூலம் பதிவு செய்த அதிகாரியிடமும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். உண்மையான வழக்குகளிலேயே பலரும் இந்த இரண்டாம் படியை மறந்துவிட்டு மேல்முறையீட்டில் வந்து அழுவார்கள். உங்களுக்குப் பிராப்ளம் எழுதியவர் கருணை காட்டியிருக்கிறார். பத்து நிமிடம் என்பது பின்னால் சேர்த்த பேச்சு, டீக்கடைக்காரருக்கு யாரோடும் பகை இல்லை. இதை மூன்றாவது நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

---

நிலா_அட்வகேட் எழுதியது:

சீனியர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "பல மாதத் துன்பத்தின் உச்சம்" என்ற வரியை யாரும் தொடவில்லை. அது இரண்டு பக்கமும் வெட்டும். சி.எஸ்.ஆர். ரசீதைத் தூக்கிக் காட்டினால் அரசு வழக்குரைஞர் எழுந்து, "பார்த்தீர்களா, பல மாதப் பகை, இதுதான் கொலைக்கான நோக்கம்" என்பார். திடீர் என்ற சொல் அங்கேயே செத்துவிடும்.

பழைய சம்பவங்களைச் சொல்லவே கூடாது என்பதல்ல. எதற்காகச் சொல்கிறோம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். கடைசிச் செயல் எவ்வளவு கடுமையானது என்று அளக்க முந்தைய நடத்தை பயன்படும் என்று நானாவதியிலேயே இருக்கிறது. 2022-இல் தௌவாராம் நிர்மல்கர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. குடித்துவிட்டுத் தொல்லை கொடுத்த சகோதரனைக் கொன்றவரின் வழக்கு அது. முந்தைய செயல்களையும் கணக்கில் எடுக்கலாம், ஆனால் கடைசியாக நடந்தது திடீரென்றும் கடுமையாகவும் இருந்தாக வேண்டும் என்று சொல்லி 304 முதல் பகுதிக்குக் குறைத்தார்கள். ஆகவே பல மாதக் கதை "கடுமை"க்கு மட்டும். "திடீர்" என்பதற்கு அன்றைய மாலை மட்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்.

சுயம்புக்கனி வழக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையை நினைவுபடுத்தித் தொடர் சினமூட்டலை ஏற்றது உண்மை. அது கணவன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் இறங்கும் பெண்களின் நிலை. அதை முதல் ஆயுதமாக எடுத்தால் "எங்கள் வழக்கில் திடீர் எதுவும் இல்லை" என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். நீதிபதி கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று, "தந்தையின் மானம்". தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மகளுக்கு நடந்தது மகளுக்கு நடந்தது. மானத்தை வைத்து வாதாடினால் நாளைக்கு இதே வாதத்தை மகளையே வெட்டியவனும் கொண்டு வருவான்.

---

தூத்துக்குடி_துரை எழுதியது:

மேடம், மானத்தை எடுத்துட்டா என்ன மிச்சம் இருக்கு? அந்த வகுப்பைச் சேர்ந்த நியாயமான மனுசன் எப்படி நடந்துப்பான்னுதானே சட்டம் பார்க்குது? ஊர்ல மகளோட துப்பட்டாவை மூஞ்சில எறிஞ்சா எவன் சும்மா இருப்பான்?

---

நிலா_அட்வகேட் எழுதியது:

நாளைக்கே இழுத்துட்டுப் போவேன் என்ற மிரட்டல் மிச்சம் இருக்கிறது. காவல்துறையும் காப்பாற்றவில்லை என்ற நிலை மிச்சம் இருக்கிறது. மகளுக்கு ஆபத்து என்று பதறிய தகப்பன் என்றால் எந்த நீதிபதிக்கும் புரியும்.

---

பாளை_வக்கீல் எழுதியது:

இங்கே நான் நிலாவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. ஆபத்து, ஆபத்து என்று அழுத்தினால் நீதிபதி கேட்பார்: "அப்படியானால் தற்காப்பு உரிமையைத்தானே கேட்க வேண்டும்? நாளைக்கு வருவேன் என்றவரிடமிருந்து இன்று என்ன ஆபத்து?" அங்கே போனால் நாம் தோற்போம். சினமூட்டல் என்பது பயம் அல்ல, கட்டுப்பாட்டை இழக்க வைக்கும் கொதிப்பு. அவமதிப்பு அதில் ஒரு பங்கு, அதை ஒளிக்க முடியாது. மானம் என்ற சொல்லை வேண்டாம் என்கிறீர்கள் என்றால் சரி, சொல்லை விட்டுவிடலாம்.

துரையின் "எவன் சும்மா இருப்பான்" என்ற கேள்வியும் அவ்வளவு லேசானது அல்ல. எதிரியின் சமூக நிலையில், அதே சூழ்நிலையில் உள்ள நியாயமான மனிதன் என்பதுதான் அளவுகோல். ஆனால் "கூலிக்காரன், கோபம் வரத்தான் செய்யும்" என்கிற தொனி வந்தால் நானே நீதிபதியாக இருந்தாலும் முகம் சுளிப்பேன்.

---

நிலா_அட்வகேட் எழுதியது:

கொதிப்பு எதனால் வந்தது என்று சொல்லாமல் கொதிப்பை நிரூபிக்க முடியாது சார். அது மகளின் நிலையைப் பார்த்தா, தன் கௌரவத்தைப் பார்த்தா என்பது வித்தியாசம்தான். நான் மாறப்போவதில்லை.

---

வெளியூர்_மாமா எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மச்சான் கேசும் இப்படித்தான். 2024 செப்டம்பரில் பங்காளிச் சண்டை. வார்த்தை முத்திப்போய் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி திரும்பி வந்து அடித்ததில் ஆள் இறந்துவிட்டார். இப்போது விசாரணை நடக்கிறது. இந்தத் திடீர் கோபத்தைச் சொன்னால் மூணு நாலு வருஷத்தில் வெளியே வந்துவிடலாமா?

---

பாளை_வக்கீல் எழுதியது:

அண்ணே, இங்கே பேசுவது மாணவர் போட்டிக்கான கற்பனை வழக்கு. உங்கள் மச்சானின் வழக்கை ஆவணம் பார்க்காமல் யாரும் சொல்லக்கூடாது. இரண்டு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இடையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டது பெரிய தடை. பி.டி. குண்டே என்ற ராணுவ வீரர் வழக்கில், பகலில் மேலதிகாரி இழைத்த பாலியல் கொடுமைக்காக இரவில் காவல் பணியில் இருந்தபோது அவரைச் சுட்டார். கொடுமை கடுமையானதுதான், ஆனால் இடையில் வழக்கமான வேலைகளைச் செய்திருக்கிறார், கொதிப்பு அடங்கிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தண்டனையை உறுதி செய்தது.

இரண்டாவது, 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும். விதிவிலக்கு 101-ஆம் பிரிவில் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தண்டனைப் பிரிவான 105-இன் முதல் பகுதியில் ஆயுள் இல்லையென்றால் குறைந்தது ஐந்து ஆண்டு என்று வைத்துவிட்டார்கள். ஆக, மூணு நாலு வருஷம் என்ற கணக்கு அங்கே இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.

தம்பி, உங்களுக்கும் இதில் பாடம் உண்டு. சம்பவம் 2023, ஆகவே பழைய தண்டனைச் சட்டம்தான். எதிரணி ஐந்து ஆண்டுக் குறைந்தபட்சத்தைக் காட்டினால், சம்பவ நாளில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாகக் கொடுக்க முடியாது என்று அரசமைப்பின் 20(1)-ஐச் சொல்லுங்கள்.

---

ஏழாம்_பெஞ்ச் எழுதியது:

சில போட்டிகளில் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறேன். நான் இந்தப் பிராப்ளத்தில் முதலில் கேட்பது முதுகு வெட்டுகளைத்தான். "கட்டுப்பாட்டை இழந்தவர் முகத்துக்கு நேரே வெட்டுவார். முதுகில் இரண்டு என்றால் ஓடியவரைத் துரத்தி வெட்டியிருக்கிறார். அது கொதிப்பா, தீர்த்துக்கட்டும் முடிவா?" மாணவர்கள் இந்த இடத்தில் வாயடைத்துப் போவார்கள்.

அடுத்த கேள்வி: எதிரி தானாகவே காவல் நிலையம் போய்க் கொடுத்த வாக்குமூலம். அதில் துப்பட்டா விஷயம் இருக்கிறதல்லவா, அதை ஏன் காட்டவில்லை?

---

மூணாம்_வருஷம் எழுதியது:

அதைத்தான் எங்கள் முக்கிய ஆவணமாக வைத்திருக்கிறோம் ஐயா. அவரே உடனே போய்ச் சொன்னது கொதிப்பு அடங்கவில்லை என்று காட்டும் அல்லவா?

---

பாளை_வக்கீல் எழுதியது:

கவனம். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவில் அடிபடும். அக்னு நாகேசியா வழக்கில், எதிரியே கொடுத்த முதல் தகவலில் கொலையை ஒப்புக்கொண்ட வரிகளை மட்டும் நீக்கிவிட்டு நோக்கம், சினமூட்டல் பற்றிய மற்ற வரிகளை வைத்துக்கொள்ள முடியாது, எல்லாம் ஒரே ஒப்புதலின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் 1965-இல் சொன்னது. 27-ஆம் பிரிவில் வரும், எதிரி சொன்னதை வைத்துக் கிடைத்த கண்டுபிடிப்பு மட்டும்தான் தப்பும். முக்கிய ஆவணம் என்று அதைத் தூக்கினால் முதல் கேள்வியிலேயே கீழே போட வேண்டி வரும்.

---

நிலா_அட்வகேட் எழுதியது:

ஆனால் சார், 25 சொல்வது எதிரிக்கு "எதிராக" நிரூபிக்கக் கூடாது என்று. எதிரியே தனக்குச் சாதகமாகக் காட்டினால்? அக்னு நாகேசியாவில் அரசுத் தரப்புதான் பயன்படுத்தப் பார்த்தது.

---

பாளை_வக்கீல் எழுதியது:

வாதாடலாம், நானும் வாதாடியிருக்கிறேன். எல்லா நீதிபதியும் ஏற்கவில்லை. ஆகவே தொடக்கத்தில் வைக்காமல் கேள்வி வந்தால் எடுங்கள் என்கிறேன். அவர் நிலையத்துக்கு நடந்து போனார் என்ற நடத்தை வேறு, என்ன சொன்னார் என்பது வேறு. அதிலும் எச்சரிக்கை: வெட்டிய பிறகு அமைதியாக நடந்து போனார் என்றால், அரசுத் தரப்பு "நிதானமாகத்தான் இருந்திருக்கிறார்" என்று திருப்பும்.

சரி, தொடக்கத்தை நான் இப்படி வைப்பேன்:

"மாண்பமை நீதிபதிகள் அவர்களே, வெட்டியது மேல்முறையீட்டாளர்தான் என்பதையும், அந்த வெட்டுகள் 300-ஆம் பிரிவுக்குள் வரும் என்பதையும் வாதத்துக்காக ஏற்கிறோம். நாங்கள் விடுதலை கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான்: 302-இன் கீழான தண்டனையை 304 முதல் பகுதிக்கு மாற்ற வேண்டும். இந்த வழக்கு 12 மீட்டரில் அடங்கியிருக்கிறது. வாசலில் விழுந்த துப்பட்டாவை அரசுத் தரப்பே கைப்பற்றி சா.பொ.3 ஆக்கியது. அது விழுந்த இடத்திலிருந்து அரிவாள் இருந்த தொழுவம் 12 மீட்டர். மேல்முறையீட்டாளர் அதை ஓடிக் கடந்தார், ஓடியே திரும்பினார் என்கிறார் பகையில்லாத சாட்சி அ.சா.2. இடையில் பத்து நிமிடம் என்று அ.சா.1 சொன்னது காவல்துறை விசாரணையில் இல்லாதது, அ.சா.9 ஒப்புக்கொண்டது. முதலில் திடீர் என்பதைக் காட்டி, பிறகு கடுமையைக் காட்ட அனுமதி வேண்டுகிறேன்."

இவ்வளவுதான். ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. சி.எஸ்.ஆர். பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை, கவனியுங்கள். அது இரண்டாம் பாதிக்கு.

---

தூத்துக்குடி_துரை எழுதியது:

உணர்ச்சியே இல்லையே சார்?

---

பாளை_வக்கீல் எழுதியது:

துப்பட்டா என்று ஒருமுறை சொன்னால் போதும் துரை.

---

மூணாம்_வருஷம் எழுதியது:

மிக்க நன்றி ஐயா, மேடம். "மானம்" போய்விட்டது. முதுகு வெட்டுக்கு என்ன பதில் சொல்வது? எங்கள் அணியில், "நான்கு வெட்டும் ஒரே கொதிப்பில் விழுந்தவை" என்று சொல்லலாம் என்கிறார்கள்.

---

ஏழாம்_பெஞ்ச் எழுதியது:

சும்மா சொன்னால் விடமாட்டேன். பிணக்கூறாய்வு மருத்துவர் எந்தக் காயம் முதலில் என்று சொன்னாரா? இரத்தம் எங்கெங்கே கிடந்தது என்று மகஜரில் பாருங்கள். எல்லாம் வாசலிலேயே என்றால், துரத்தவில்லை, வெட்டு விழுந்தபோது ஆள் திரும்பியிருக்கிறார் என்று வாதாட இடமுண்டு. தெருமுனை வரை சிந்தியிருந்தால் அந்தக் கேள்விக்கு என்னிடமே பதில் இல்லை.

---

மூணாம்_வருஷம் எழுதியது:

வாசற்படியிலும், அங்கிருந்து 5 மீட்டர் தள்ளித் தெருவிலும் என்று போட்டிருக்கிறது ஐயா. மருத்துவரிடம் வரிசையை யாரும் கேட்கவில்லை.

---

நிலா_அட்வகேட் எழுதியது:

5 மீட்டர் இரண்டு பக்கமும் பேசும். மருத்துவரிடம் கேட்க வேண்டியது அரசுத் தரப்பு, கேட்காமல் விட்டதன் ஐயம் எங்களுக்கே என்று சொல்லிப் பாருங்கள்.

---

ஏழாம்_பெஞ்ச் எழுதியது:

விதிவிலக்கின் சுமை உங்கள் மேல் இருக்கும்போது அந்த ஐயம் உங்களுக்கு எப்படி வரும் மேடம்? அடுத்த கேள்வி அதுதான்.